மூன்று நாள் வேலையும் கடைசிச் சம்பளக் கணக்கும்

கோவையில் உள்ள ஒரு பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நான், ஐம்பத்தாறாவது வயதில், படுக்கையில் இருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்வதற்காக வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு மாறினேன். நிர்வாகம் மறுப்புச் சொல்லவில்லை. என் மேலாளர் ஒரே நாளில் சம்மதித்துவிட்டார். அதன் பிறகு வந்த ஏழு மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் பணி தொடரும், வேலை நாட்கள் மூன்றாகக் குறையும், அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபாயிலிருந்து 22,000 ரூபாயாக மாற்றி அமைக்கப்படும் என்று அதில் இருந்தது. பணித்தொடர்ச்சி முறியவில்லை என்ற மகிழ்ச்சியில், கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தும்விட்டேன். பக்கத்து மேசையில் இருந்த, அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருந்த சகோதரர் ஒருவர்தான், "உங்க கிராஜுவிட்டிய எந்தச் சம்பளத்துல போடுவாங்கன்னு கேட்டீங்களாக்கா?" என்று கேட்டார். பிறர் சம்பளத்தை இத்தனை வருடம் கணக்குப் பார்த்த எனக்கு, என் கணக்கைப் பார்க்கத் தோன்றவில்லை.

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக்கு, அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை, அதாவது அடிப்படையையும் அகவிலைப்படியையும், 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டியிருந்தது. இதில் முக்கியமான சொல் 'கடைசியாக' என்பதுதான். எத்தனை வருடம் முழுச் சம்பளம் வாங்கியிருந்தாலும், விலகும் நாளில் இருக்கும் சம்பளமே எல்லா வருடங்களுக்கும் அளவுகோல் ஆகிறது. உடல் ஊனமுற்றுக் குறைந்த சம்பளத்தில் தொடர்பவருக்கு மட்டும், ஊனத்துக்கு முந்தைய காலத்தைப் பழைய சம்பளத்தில் கணக்கிடச் சட்டத்தில் வழி உண்டு. விரும்பி நாட்களைக் குறைத்துக்கொள்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 42,000 ரூபாயில் 24 ஆண்டுகளுக்கு 5,81,538 ரூபாய் வந்தது. கடிதத்தில் கையெழுத்திட்டு, 22,000 ரூபாயில் இன்னும் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, 28 ஆண்டுகளை முடித்து விலகினால் 3,55,385 ரூபாய் வந்தது. நான்கு ஆண்டுகள் கூடுதலாக உழைத்ததற்குப் பரிசாக இரண்டே கால் லட்சம் ரூபாய் குறையும். கூட்டலில் தவறு இருக்கும் என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன், இல்லை.

அடுத்த வாரம் மனிதவளப் பிரிவில் நான் கேட்டது ஒன்றுதான்: பழைய பணியை முறையாக முடித்து, கணக்கைத் தீர்த்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஒப்பந்த ஆலோசகராக என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "தொடர்ச்சி போயிடுமே மேடம்" என்று அங்கிருந்த இளைஞர் உண்மையான அக்கறையுடன் சொன்னார். அந்தத் தொடர்ச்சியின் விலையை எழுதி அவர் முன் வைத்தேன். முழு மனதோடு அல்லாமல் என்றாலும், ஒப்புக்கொண்டார்கள். இந்த வழியில் இழப்பு இல்லாமல் இல்லை. மாதந்தோறும் என் பங்கும் நிறுவனத்தின் பங்குமாக வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்துகொண்டிருந்த பத்தாயிரம் ரூபாய் நின்றுபோனது. வேறு இடத்தில், வேறு வயதில், இந்தத் தராசு மறுபக்கம் சாயலாம். எனக்கு எஞ்சியிருந்தது சில ஆண்டுகளே என்பதால் இப்படிச் சாய்ந்தது.

ஏப்ரல் 30-ஆம் தேதி விலகினேன். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனமே பதிவு செய்துவிட்டது. அதில் சிக்கல் எழவில்லை. ஓய்வூதியத்தை ஐம்பத்தெட்டுக்கு முன்பே கேட்டால் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு விழுக்காடு நிரந்தரமாகக் குறையும் என்பதால், அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

பணிக்கொடையோ முப்பது நாட்களுக்குள் வந்திருக்க வேண்டும். மே முழுவதும் வரவில்லை. ஜூன் முதல் வாரத்தில், தாமதமானால் வட்டியுடன் தர வேண்டும் என்ற சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, கோபம் தொனிக்காத ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஜூன் 27-ஆம் தேதி பணம் வந்தது, வட்டி வரவில்லை. மறுநாளும் அதே அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டியிருந்ததால் நான் அதைத் துரத்தவில்லை. இப்போதும் அது உறுத்துகிறது.

இதற்கிடையில் மருத்துவக் காப்பீடு என்னை ஒன்பது நாட்கள் தூங்கவிடவில்லை. எனக்கும் கணவருக்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் மூன்று லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு இருந்தது. அது அடுத்த மார்ச் வரை, பாலிசி ஆண்டு முடியும்வரை செல்லும் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். நல்லவேளையாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ஊழியர் விலகும் நாளிலேயே அவர் பெயரும் குடும்பத்தார் பெயரும் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அப்போது ஏப்ரல் பாதி கடந்திருந்தது.

என் கணவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள்வரை காத்திருப்புக் காலம் விதிக்க முடியும். அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொண்டால், குழுவில் இருந்த ஆண்டுகள் அந்தக் காத்திருப்பில் கழித்துக்கொள்ளப்படும். ஆகவே உடனே விண்ணப்பித்தேன். எத்தனை ஆண்டுகள், எந்தத் தொகைக்கு, யார் யார் பெயரில் குழுவில் இருந்தோம் என்று நிறுவனத்திடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். மருத்துவமனையில் காட்டும் அடையாள அட்டைகளை ஆறு ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்திருந்தேன். அவை செல்லாது என்றார்கள். அந்தச் சான்று கைக்கு வர மே முதல் வாரம் ஆனது. பிறகு இரத்தப் பரிசோதனை. பாலிசி மே 10-ஆம் தேதி தொடங்கியது. இடையில் இருந்த ஒன்பது நாட்கள் எங்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை. அந்த நாட்களில் கணவரை வண்டி எடுக்கவே நான் விடவில்லை.

ஐந்து லட்சமாக உயர்த்தி எடுத்த பாலிசியில், பழைய மூன்று லட்சத்துக்கு மட்டுமே முந்தைய ஆண்டுகள் கணக்கில் வந்தன. கூடுதல் இரண்டு லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்குகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, பாலிசி ஆவணத்தின் நான்காம் பக்கத்தில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரீமியம் 33,000 ரூபாய், அதன் மேல் அப்போது இருந்த 18 விழுக்காடு வரி, ஆக மொத்தம் 38,940 ரூபாய். அதுவரை என் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிக்காமல் கிடைத்த பாதுகாப்புக்கு இதுதான் விலை என்று அன்றுதான் தெரிந்தது. சர்க்கரையை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று முகவர் ஒருவர் அறிவுரை சொன்னார். மறைத்துவிட்டு, பணம் கேட்கும் நாளில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, எழுதினேன்.

வருடத்துக்கு இந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து எடுக்க வழியில்லை. பணிக்கொடைப் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு, அதன் வட்டியால் பிரீமியத்தைக் கட்டலாம் என்று திட்டமிட்டேன். அப்போது வட்டி 8.2 விழுக்காடு. அறுபது வயது நிறைந்தவர்களுக்கான திட்டம் என்றாலும், ஐம்பத்தைந்து வயதைக் கடந்து, ஓய்வு பெற்றோ வேறு வகையிலோ பணியிலிருந்து விலகியவர்களும், பணப்பயன் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேரலாம். 2023 நவம்பர் வரை இந்தக் கெடு ஒரு மாதமாகவே இருந்தது; அப்படியே இருந்திருந்தால் நான் தவறவிட்டிருப்பேன்.

அஞ்சல் நிலையத்துக்கு முதல் முறை போனபோது, கவுன்டரில் இருந்தவர் என் ஆதாரைப் பார்த்துவிட்டு, "அறுபது முடிஞ்சிருக்கோணுங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் முறை விதியை அச்செடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்தார், பிறகு என் விடுவிப்புக் கடிதத்தைப் படித்து, இதில் ராஜினாமா என்றுதானே இருக்கிறது, ஓய்வு என்று இல்லையே என்றார். 'வேறு வகையில்' என்ற சொற்களை விரலால் தொட்டுக் காட்டினேன். போஸ்ட்மாஸ்டரிடம் அனுப்பினார். அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் விலகிய விதம், வகித்த பதவி, பணிக்காலம், பெற்ற பணப்பயன் ஆகிய நான்கும் அடங்கிய நிறுவனச் சான்று வேண்டும் என்றார். அது நியாயமான கேட்பு. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது, நான்தான் அந்த வரியை அச்செடுத்தும் படிக்காமல் விட்டிருந்தேன். விலகும் அன்றே அந்தச் சான்றை வாங்கியிருந்தால் இரண்டு அரை நாள் விடுப்பு மிஞ்சியிருக்கும். மூன்றாம் முறை, ஆகஸ்ட் 20-ஆம் தேதி, சான்றும், பணம் வந்த தேதியைக் காட்டும் வங்கிப் புத்தகப் பக்கமும், காசோலையும் கொண்டு போய் 5,80,000 ரூபாய் போட்டேன். ஆண்டுக்கு 47,560 ரூபாய் வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 11,890 ரூபாய். விடுப்புக்கு ஈடாக வந்த பணத்தை மட்டும் இதில் சேர்க்காமல் அவசரத்துக்கென வங்கியில் வைத்துக்கொண்டேன். ஏனெனில் இந்தத் திட்டத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எடுத்தால் அபராதம் உண்டு.

மாதச் செலவில் நான் எதிர்பாராத இடத்தில்தான் இடித்தது. முன்பு கைக்கு வந்தது 58,000 ரூபாய். ஒப்பந்தத் தொகை 32,000 என்று பேசியிருந்தோம், முதல் மாதம் வந்ததோ 28,800. ஆலோசகர் கட்டணம் என்பதால் பத்து விழுக்காடு வரியாகப் பிடித்துவிட்டார்கள். என் ஆண்டு வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, கணக்குத் தாக்கல் செய்தால் முழுவதும் திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் மே மாதம் பிடித்த பணம் அடுத்த ஆண்டுதான் வரும். மளிகைக்கடைக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்.

தொடர் வைப்பை நிறுத்தினேன், அலுவலகம் போகாத நாட்களின் பெட்ரோல் மிச்சமானது. மாதம் 5,000 ரூபாய் சீட்டு ஒன்றை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஏழு தவணை மீதமிருந்தது, பாதியில் விலகினால் கழிவு அதிகம். அந்த ஏழு மாதமும் கணவரின் கடை வருமானத்திலிருந்து கட்டினோம். மாறுவதற்கு ஒரு வருடம் முன்பே இப்படிப்பட்ட கட்டாயத் தவணைகளை முடித்துக்கொள்வது எவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு மாதமும் சீட்டு நாளன்று அவர் எனக்கு நினைவூட்டுவார்.

அக்டோபரில் வந்த முதல் வட்டி, நாட்கணக்குக்கு உரியது என்பதால் குறைவாக இருந்தது. முழுக் காலாண்டு வட்டியான 11,890 ரூபாய் 2025 ஜனவரி முதல் தேதி வரவானது. எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு வட்டி கிடையாது என்பதால், அன்றே அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, மே மாதப் பிரீமியத்துக்கென்று புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.