எழுபதில் சிகரெட்டை விட்டேன்: மூச்சளவு சொன்ன கணக்கு

இருபது வயதில் பிடித்த சிகரெட் எழுபது வயது வரை கையில் இருந்தது, நாளொன்றுக்கு ஏறக்குறைய 20. நுரையீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகும் நான் விடாமல் இருந்ததற்குக் காரணம் பிடிவாதம் அன்று. போன மூச்சு திரும்பாது என்றால் இனி விட்டு ஆவதென்ன என்ற எண்ணந்தான். அந்த எண்ணத்தில் பாதி சரி என்பதையும், மறு பாதி எங்கே தவறு என்பதையும் ஒரு பரிசோதனைத் தாள்தான் எனக்குப் புரியவைத்தது.

ஸ்பைரோமீட்டர் குழாயை வாயில் பொருத்தி, மூச்சை முழுவதும் இழுத்து, இயன்ற வேகத்தில் ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு விநாடியில் வெளியேறிய காற்று 1.6 லிட்டர். மருத்துவர் அந்த எண்ணைச் சுற்றி வட்டமிட்டார். "ஐயா, வயது காரணமாக எல்லோருக்கும் இது ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறையும். புகைத்துக்கொண்டே இருந்து, அதனால் மூச்சுக்குழாய் அடைபட்டவர்களுக்குச் சுமார் 60 மில்லி குறையும். விட்டவர்களுக்குக் குறையும் வேகம் மீண்டும் 30-ஐ ஒட்டி வந்துவிடுகிறது" என்றார். என் 1.6 லிட்டர் 1 லிட்டராக இறங்க, புகைத்தால் 10 ஆண்டுகள், விட்டால் 20 ஆண்டுகள் என்று தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினார். 1 லிட்டருக்குக் கீழே போனால், குளித்து உடை மாற்றுவதற்கே பலருக்கும் மூச்சு வாங்கும். இந்த அளவுகள் பெரும்பாலும் நடுவயதினரிடம் எடுக்கப்பட்டவை, ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் எண்பது வயதில் நானே எழுந்து குளிப்பேனா என்ற கேள்வி, எத்தனை வயது வரை இருப்பேன் என்ற கேள்வியைவிட என்னை உலுக்கியது.

காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவன் என்பதால், தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிக்கோட்டின் பட்டையும், தவிப்பு எழும்போது மெல்ல 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கமும் தந்தார்கள். அந்தச் சூயிங்கத்தைச் சாதாரணமாக மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்தின் உட்புறம் ஒதுக்கி வைக்க வேண்டும். இது தெரியாமல் மென்று விழுங்கி, முதல் இரண்டு நாட்கள் விக்கலாலும் குமட்டலாலும் அவதிப்பட்டேன். மூன்றாம் நாள்தான் மிகக் கடினமாக இருந்தது. அதன் பிறகு தவிப்பு மெல்லத் தணிந்தது.

இரண்டாவது வாரத்தில் நடந்ததைத்தான் என்னைப் போன்ற முதியவர்கள் அவசியம் அறிய வேண்டும். நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தூக்கம் போனது. உடம்பு சிகரெட்டைக் கேட்கிறது என்று எண்ணி, ஒன்று பற்றவைக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். உண்மையான காரணம், மூச்சுக்குழாயை விரிக்க நான் பல ஆண்டுகளாக விழுங்கிவந்த தியோஃபிலின் மாத்திரை. புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, அந்த மருந்தை வேகமாகச் சிதைக்கவைக்கின்றன. புகை நின்றதும் சிதைவு குறைகிறது. அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தேங்குகிறது. தூண்டுவது நிக்கோட்டின் அல்ல என்பதால், பட்டை ஒட்டியிருந்தாலும் இது நடக்கும். இரத்தப் பரிசோதனையில் அளவு மிகுந்திருப்பது தெரிந்து மாத்திரையைக் குறைத்த சில நாட்களில் படபடப்பு அடங்கியது. காபிக்கும் இதே கதிதான். நான் வழக்கமாகக் குடித்ததில் பாதியே போதுமானதாயிற்று. அந்த மாத்திரையை எழுதித் தந்தவர், நான் புகையை விடப்போகிறேன் என்று சொன்னபோதே இதை எச்சரித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

முதல் சில வாரங்களில் இருமலும் சளியும் கூடின. இறுகிக் கிடந்ததை மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் வெளியே தள்ளத் தொடங்கும்போது சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். மூன்றாம் மாதத்தில் காலைச் சளி பெரிதும் குறைந்தது. ஓராண்டு கழித்து ஊதியபோது 1.62 லிட்டர், இரண்டாம் ஆண்டில் 1.59. முதலாண்டின் சிறிய ஏற்றத்தைக் கண்டு நான் மகிழ்ந்தபோது, ஊதும் முறையிலேயே அவ்வளவு வேறுபாடு வரலாம், பல ஆண்டுகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் நிதானப்படுத்தினார்.

மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவது இன்றும் இருக்கிறது. சிதைந்த காற்றறைகள் மீண்டும் வளர்வதில்லை. மாரடைப்பு அபாயம் ஓரிரு ஆண்டுகளிலேயே கணிசமாக இறங்கத் தொடங்கும் என்றாலும், நுரையீரல் புற்றுநோய் அபாயம் பாதியாவதற்குச் சுமார் 10 ஆண்டுகள் ஆகும், புகைக்காதவர் அளவுக்கு அது இறங்கவும் செய்யாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சளியில் இரத்தம் தெரிந்ததா, எடை காரணமின்றிக் குறைந்ததா என்று மருத்துவர் கேட்கிறார். அதைக் கேட்ட பிறகே குழாயை என் கையில் தருகிறார்.