பில்லிங் கணினிகள் மெதுவானபோது

பல ஆயிரம் கணினிகளில் பழைய ஆன்டிவைரஸை எடுத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட்டைக் கொண்டுவரும் வேலையில் இருந்தேன். முதல் கட்டத்துக்கு எங்கள் ஐ.டி. துறையின் கணினிகளையே எடுக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கணினிகளில் பிரவுசரும் மின்னஞ்சலும் தவிரப் பெரிதாக எதுவும் ஓடுவதில்லை. அங்கே புகார் வராததை வைத்துக் கணக்குத் துறையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. எனவே ஒவ்வொரு துறையிலிருந்தும், ஒவ்வொரு முக்கிய மென்பொருளுக்கும் ஓரிரு கணினிகளாவது முதல் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் ஒரு மாதக் கடைசி கழிய வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. சம்பளப் பட்டியலும் கணக்கு முடிப்பும் அந்த நாள்களில்தான் ஓடுகின்றன. மேலாளர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை.

எதிர்பார்த்தபடியே மாதக் கடைசியில் பில்லிங் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. "சார், உங்கள் ஆன்டிவைரஸ் வந்ததிலிருந்து எதுவும் நகரவில்லை. எடுத்துவிடுங்கள்." மென்பொருளை விற்ற நிறுவனமோ D: டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கச் சொல்லிக் கடிதமே அனுப்பிவிட்டது. இப்படிப்பட்ட கடிதங்களில் கேட்கப்படும் விலக்கு, தேவையானதைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும். தங்கள் மென்பொருள் எந்தக் கோப்பை எத்தனை முறை தொடுகிறது என்று அவர்களும் அளந்து பார்த்ததில்லை.

சி.பி.யு. வரம்பைக் குறைத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். `ScanAvgCPULoadFactor` என்ற அந்த அமைப்பு, நேரம் குறித்து ஓடும் ஸ்கேனுக்கானது. கோப்பைத் திறக்கும்போதும் எழுதி மூடும்போதும் நடக்கும் நிகழ்நேரச் சோதனையை அது கட்டுப்படுத்தாது. எங்கள் புகாரோ வேலை நேரத்தில் வந்தது. டாஸ்க் மேனேஜரில் டிஃபெண்டரின் `MsMpEng.exe` மேலே நிற்பதும் பெரிய தடயம் இல்லை. ஸ்கேன் நடக்கிறது என்று அது சொல்லும், எதற்காக என்று சொல்லாது. அதற்குப் பதிவு எடுக்க வேண்டும்.

```
New-MpPerformanceRecording -RecordTo C:\Temp\bill.etl
Get-MpPerformanceReport -Path C:\Temp\bill.etl -TopProcesses 5 -TopFiles 10
```

அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு முதல் கட்டளையை ஓடவிட்டு, பில்லிங் ஊழியரை வழக்கம்போல் பில் போடச் சொல்லி, பிறகு பதிவை நிறுத்தினோம். அறிக்கையில் ஸ்கேன் நேரத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு லாக் கோப்பு விழுங்கியிருந்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு வரி எழுதும்போதும் கோப்பைத் திறந்து, எழுதி, மூடியது. மாறாத கோப்பு என்றால் முந்தைய சோதனையின் முடிவே போதும். இதுவோ ஒவ்வொரு வரிக்கும் மாறியதால், ஒவ்வொரு முறையும் புதிய கோப்பாகவே கருதப்பட்டது. மாதக் கடைசியில் பில்கள் கூடும், கோப்பும் பெருத்திருக்கும். மற்ற நாள்களில் யாரும் முணுமுணுக்காததற்கு அதுதான் காரணம்.

பில்லிங் புரோகிராமையே விலக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. புரோகிராமை விலக்கினால், அது திறக்கும் எந்தக் கோப்பும் நிகழ்நேரச் சோதனைக்கு வராது. முழுப் பாதை தராமல் பெயரை மட்டும் கொடுத்தால் இன்னும் மோசம்: அதே பெயரில் வேறு இடத்தில் வைக்கப்படும் எந்த நிரலுக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடும். ஊடுருவுபவர்கள் உள்ளே வந்ததும் விலக்குப் பட்டியலைத் தேடுவது இதனால்தான். நாங்கள் கொடுத்தது இவ்வளவே:

```
D:\Billing\Logs\*.log
```

அதையும் எல்லாக் கணினிகளுக்கும் தராமல், பில்லிங் குழுவுக்கான பாலிசியில் மட்டும் சேர்த்தோம். விலக்கைக் கேட்டவர் யார், ஆதாரமான பதிவு எது, மறுபரிசீலனை எப்போது என்பதையும் எழுதிவைத்தோம். தேதி இல்லாத விலக்குக்கு ஆயுள் அதிகம். மென்பொருளே போன பிறகும் அது பட்டியலில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாப் புகார்களும் விலக்கில் முடியவில்லை. சில சர்வர்களில் பழைய ஆன்டிவைரஸ் முழுதாக நீங்காமல் இரண்டும் சேர்ந்து ஓடின. பயனர் கணினிகளில் வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் சர்வரில் அப்படி ஒதுங்காது, நாம்தான் அமைக்க வேண்டும். அங்கே பழையதை ஒழுங்காக நீக்கியதே போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு கணினியிலும் ஓடும் பாதுகாப்பு நிரலான ஏஜென்டைக் கட்டம் கட்டமாக அனுப்பினாலும், அதற்குத் தினமும் வரும் கண்டறிதல் கோப்புகள் அதே வரிசையில் போகும் என்று நம்பக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் விஷயத்தில் நடந்தது அதுதான். ஏஜென்டின் பதிப்பை ஒரு படி பின்னால் வைத்திருந்தவர்களையும் பழுதான ஓர் உள்ளடக்கக் கோப்பு சென்றடைந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன. டிஃபெண்டரில் அந்த அப்டேட்களுக்கும் தனியாக சேனல் தேர்ந்தெடுக்கலாம். பில்லிங் சர்வர்களைத் தாமதமாகப் பெறும் சேனலில் வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்தைத் திறந்தேன்.