கைப்பிடியை 200 சதவீதத்தில் பார்ப்பார்கள்: டீடெயில் ரெண்டர் பேப்பர் எழுதப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. கட்டடத்தின் ஒரு சின்னப் பகுதியைக் கம்ப்யூட்டரில் 3D-யாகச் செய்து நெருக்கமான படமாகக் கொடுக்கும் டீடெயில் ரெண்டர் பேப்பரில் நல்ல மார்க். மனசு லேசான இந்த நேரத்திலேயே எழுதிவிடுகிறேன், அடுத்த பேட்ச்சுக்கு உதவும். பேப்பர் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பேட்ச்சில் ஹால் ரெண்டர் பிரமாதமாகச் செய்த பலருக்கு இந்தப் பேப்பரில்தான் மார்க் போனது. தேர்வாளர் படத்தின் அழகைப் பார்ப்பதே இல்லை. கோப்பைத் திறந்ததும் 100 சதவீதம், அப்புறம் 200. நேராக மூன்று இடத்துக்குப் போகிறார்: கைப்பிடியின் விளிம்பு, கதவின் சட்டங்கள் சேரும் கோடு, நிலையும் சுவரும் சேரும் இடம். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாக இருந்த வேலையெல்லாம் அங்கேதான் பொம்மைக் கதவாகத் தெரிகிறது.

கூர் விளிம்பை மழுக்க, வகுப்பில் "பெவல் போடு" என்று சொன்னார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அந்த எவ்வளவுக்குப் பதில் ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல்? மாடலிங் தொடங்கும் முன்பே இதைத் தாளில் எழுதி வையுங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்து தானாக வரும்.

இந்த முறை வந்த கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் வீட்டின் தேக்குக் கதவு, அதில் புதிதாகப் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லிவர் கைப்பிடி. கேமராவில் விழும் அகலம் 400 மி.மீ., படத்தின் அகலம் 4000 பிக்சல். ஆக, ஒரு மி.மீ.க்கு 10 பிக்சல். இதே கதவு 4 மீட்டர் அகல ஹால் ரெண்டரில் வந்தால் ஒரு மி.மீ.க்கு ஒரே பிக்சல்தான். அங்கே அரை மி.மீ. வளைவை யாராலும் பார்க்க முடியாது. இங்கே அது 5 பிக்சல், பளிச்சென்று தெரியும்.

விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கத்தி மாதிரிக் கூரான விளிம்பில் இரண்டு பரப்புகள் சட்டென்று மாறுகின்றன, நடுவில் எதுவும் இல்லை. கொஞ்சம் மழுங்கிய விளிம்பில் பரப்பின் திசை 90 டிகிரி முழுக்கத் திரும்புகிறது. அதில் ஏதோ ஒரு கோணம் எப்படியும் ஜன்னல் வெளிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்பிவிடும். அந்த மெல்லிய வெள்ளைக் கோடுதான் இது உலோகம், இது மரம் என்று நம்ப வைப்பது. அம்மாபேட்டையில் ஓர் ஆசாரியின் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தபோது, இழைத்து முடித்த ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பிலும் அவர் உப்புத்தாளை ஓட்டினார். கேட்டதற்கு, "கூரா விட்டா கையக் கிழிக்கும் கண்ணு, பாலிஷும் அங்க நிக்காது" என்றார். அதாவது நிஜத்தில் யாருமே கூர் விளிம்பு விடுவதில்லை.

நான் வெர்னியர் காலிப்பரும் ரேடியஸ் கேஜும் எடுத்துக்கொண்டு, செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர் கடையில் கைப்பிடிகளையும் வீட்டுக் கதவுகளையும் அளந்து வைத்துக்கொண்டேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது, ஆனால் எனக்கு மார்க் வாங்கித் தந்தது இதுதான். அந்த அளவுகளை அப்படியே தருகிறேன். கைப்பிடிக்குக் கைப்பிடி, வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும்.

- லிவர் விளிம்பின் வளைவு: 0.5 மி.மீ. (5 பிக்சல்)
- கைப்பிடிக்கு அடியிலுள்ள வட்டத் தட்டின் விளிம்பு: 0.3 மி.மீ. (3 பிக்சல்)
- தேக்குச் சட்டத்தின் விளிம்பு: 1.5 மி.மீ. (15 பிக்சல்)
- சட்டங்கள் சேரும் மயிரிழைக் கோடு: 0.2 மி.மீ. (2 பிக்சல்)
- கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி: 3 மி.மீ. (30 பிக்சல்)

2 பிக்சலுக்குக் கீழே வருவதை மாடல் செய்யாதீர்கள், நேரம்தான் வீண். 3 பிக்சலும் அதற்கு மேலும் வருவது கட்டாயம் மாடலிலேயே இருக்க வேண்டும், பம்ப் மேப்பில் ஏமாற்ற முடியாது.

வளைவை எத்தனை செக்மென்டாகப் பிரிப்பது என்பதற்கும் இதே கணக்குதான். 1.5 மி.மீ. வளைவில் 2 செக்மென்ட் போட்டால், நிஜ வட்டத்திலிருந்து 0.11 மி.மீ. விலகும். அது ஒரு பிக்சலுக்கு மேல், அதனால் முனை கண்ணில் படும். 4 செக்மென்ட் போட்டால் விலகல் 0.03 மி.மீ.தான், தெரியாது. வட்டத் தட்டில்தான் பலர் மாட்டினார்கள். பிளெண்டரில் சிலிண்டர் போட்டால் 32 பக்கம் வரும். 52 மி.மீ. விட்டமுள்ள தட்டுக்கு அது ஒன்றேகால் பிக்சல் விலகல், 200 சதவீதத்தில் திரையில் இரண்டரை. வட்டம் பலகோணமாகத் தெரிந்துவிடும். 64 பக்கம் வைத்தால் கால் பங்காகக் குறைந்துவிடும்.

பெவல் போடும் முன் Ctrl+A அழுத்தி Scale-ஐ Apply செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் தடிமனாகவும் இன்னொரு பக்கம் மெல்லியதாகவும் வளையும். Bevel மாடிஃபையரில் அளவு தொடக்கத்தில் 0.1 மீட்டராக இருக்கும், அதை 0.0005-க்குக் கொண்டு வாருங்கள். எண்ணைக் கூட்டியும் வளைவு பெரிதாகவில்லை என்றால் Clamp Overlap தான் தடுக்கிறது. பக்கத்தில் எங்கோ இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதை அணைப்பதற்கு முன் அந்தப் புள்ளிகளைத் தேடிச் சரி செய்யுங்கள். தட்டையான பரப்பில் மேகம் போல நிழல் படிந்தால் Harden Normals.

அடுத்து சட்டங்கள். பேனல் கதவில் நெடுஞ்சட்டம் மேலிருந்து கீழ் வரை முழுசாகப் போகும். குறுக்குச் சட்டம் அதன் பக்கவாட்டில் வந்து முட்டும், கழுந்து உள்ளே போய்விடும். அதனால் வெளியே தெரியும் கோடு செங்குத்துக் கோடு. படச்சட்டம் போல மூலையில் 45 டிகிரியில் வெட்டியிருந்தால், மரவேலை தெரிந்த தேர்வாளர் அங்கேயே நின்றுவிடுவார். 45 டிகிரி, நிலையைச் சுற்றி அடிக்கும் அலங்காரப் பட்டைக்கு வரும், கதவுச் சட்டத்துக்கு வராது. மரத்தின் ரேகையும் ஒவ்வொரு சட்டத்திலும் அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். ஆகவே கதவை ஒரே துண்டாகச் செய்யாமல், ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாக UV விரித்து, டெக்ஸ்சரில் வேறு வேறு இடத்தில் வையுங்கள். சேரும் விளிம்பில் இரண்டு பக்கமும் 0.1 மி.மீ. பெவல் போதும். இரண்டும் சேர்ந்து அந்த மயிரிழைப் பள்ளம் தானாக விழும்.

டெக்ஸ்சருக்கும் அதே 10 பிக்சல்தான். இணையத்தில் கிடைக்கும் 4096 பிக்சல் தேக்கு டெக்ஸ்சர் 2 மீட்டர் அகலத்துக்கானது என்றால் மி.மீ.க்கு 2 பிக்சல்தான். உங்கள் படத்தில் அது ஐந்து மடங்கு இழுபட்டு மங்கும். கூர்மையான விளிம்புக்குப் பக்கத்தில் மங்கலான மரம் இருந்தால் பொய் உடனே வெளியே வந்துவிடும். 300 மி.மீ. அகலப் பலகையை நேர் மேலிருந்து, நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், 4000 பிக்சல் அகலத்தில் போனிலேயே படம் எடுங்கள். மி.மீ.க்கு 13 பிக்சல் கிடைக்கும். நான் அப்படித்தான் செய்தேன்.

இனி சுவர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, பெரும்பாலோர் கண்டுகொள்ளாத இடமும்கூட. நிலையைச் சுவருக்குள் அப்படியே செருகிவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு விழும். நிழல் இல்லை, ஆழம் இல்லை, தாள் வெட்டி ஒட்டியது போல இருக்கும். கட்டடத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் இது இன்னும் அதிகம். பூச்சு அப்படி அசையாது. ஆகவே அந்தச் சந்தில் விரிசல் விழும். அதை மறைக்க ஒன்று பட்டை அடிப்பார்கள், இல்லையென்றால் பூசும்போதே சுமார் 10 மி.மீ. பள்ளம் விடுவார்கள். கேள்வியில் கொடுத்த ஃபோட்டோவில் பள்ளம்தான் இருந்தது.

பள்ளத்தை 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்தில் நிஜமாகவே வெட்டி, அடியை மூடிவிடுங்கள். மூடாவிட்டால் பின்னாலிருந்து வெளிச்சம் கசியும். பூச்சின் விளிம்புக்கு 2 மி.மீ. வளைவு கொடுத்து, நிறையக் கூறுகளாகப் பிரித்து, அரை மி.மீ.க்குள் மெல்ல அலைய விடுங்கள். கொத்தனார் கை எவ்வளவு தேர்ந்ததானாலும் அந்தக் கோடு ஸ்கேல் வைத்தது போல வராது. ஆனால் மரத்தின் விளிம்பை அலைய விடாதீர்கள், அது இழைப்புளி போன இடம். நேரான மரக்கோடும் லேசாக அலையும் பூச்சுக்கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் இரண்டு கைகள் வேலை செய்தது தெரிகிறது. கதவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள 3 மி.மீ.யிலும் இதே கவனம் வேண்டும். உள்ளே நிலையின் படிவெட்டு இருக்க வேண்டும். அங்கே முழுக் கறுப்பு தெரிந்தால் பின்னால் எதுவுமே மாடல் செய்யவில்லை என்று பொருள்.

கேமரா ஃபோகஸில் ஓர் எச்சரிக்கை. எஃப்/2.8 வைத்து அழகாக மங்க விடும் ஆசை வரும். இந்த அளவு நெருக்கத்தில், 200 சதவீதத்தில் பார்க்கும்போது, எஃப்/11 கூட 30 மி.மீ. ஆழத்தைத் தாங்காது. லிவரோ கதவிலிருந்து 60 மி.மீ. வெளியே நிற்கிறது. நான் Depth of Field-ஐ அணைத்தே விட்டேன்.

நேரக் கணக்கு: முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப ரெண்டர் செய்யாதீர்கள். கேமரா வியூவில் Ctrl+B அழுத்தி அந்த மூன்று இடங்களையும் சின்னச் சின்னக் கட்டமாக, முழு ரெசல்யூஷனில் ரெண்டர் செய்து 200-இல் பாருங்கள். டீநாய்ஸர் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. போட்டதில் மயிரிழைக் கோடு காணாமல் போயிருந்தால் சாம்பிளைக் கூட்டுங்கள். PNG-ஆகவே கொடுங்கள்.

வைவாவில் என்னிடம் முதலில் கேட்டது, "இந்த விளிம்பு எவ்வளவு வெச்சிருக்கீங்க?" அரை மி.மீ. சார், படத்தில் 5 பிக்சல் என்றேன். அடுத்த கேள்வி பள்ளத்தைப் பற்றி, ஏன் 10 மி.மீ. என்று. உப்பலும் சுருக்கமும் சொன்னேன். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, கழுந்து எந்தச் சட்டத்தில் என்றும் கேட்டார்கள். சாஃப்ட்வேரைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஆகவே அளவுத் தாளையும் கையோடு கொண்டு போங்கள், எங்களை உள்ளே எடுத்துப் போக விட்டார்கள்.