26ஏஎஸ்ஸில் 7,08,000, ரிட்டர்னில் 5,50,000: நோட்டீஸுக்கு எழுதும் பதில் கடிதம்

வருமான வரி நோட்டீஸ் வந்ததும் முதலில் அது எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். 139(9) என்றால் ரிட்டர்னே குறைபாடுடையது என்று பொருள். குறையை ஒப்புக்கொண்டால் திருத்திய ரிட்டர்னை 15 நாட்களுக்குள் ஏற்ற வேண்டும், கடிதம் மட்டும் போதாது. 142(1) என்றால் கேட்ட விளக்கத்தை ஆவணங்களோடு குறித்த தேதிக்குள் தர வேண்டும். இந்த வகைக்குத்தான் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ரொக்க முறையில், அதாவது பணம் கைக்கு வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதும் ஓர் ஆலோசகர். நிதியாண்டு 2023-24. அவருடைய ஒரே வாடிக்கையாளர் நிறுவனம், தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில், பணம் தருபவரே கழித்து அரசுக்குக் கட்டும் வரியான டிடிஎஸ்ஸை 10% பிடித்திருக்கிறது. அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தொகை 7,08,000 ரூபாய், டிடிஎஸ் 70,800. ரிட்டர்னில் காட்டிய வரவு 5,50,000. டிடிஎஸ்ஸை மட்டும் முழுதாக, 70,800 என்றே கோரியிருக்கிறார். 1,58,000 எங்கே போயிற்று என்பதுதான் நோட்டீஸின் கேள்வி.

மொத்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தால் விடை வராது. 26ஏஎஸ்ஸில் ஒவ்வொரு பதிவையும் அதற்கான பில்லோடு வைத்துப் பார்க்க வேண்டும். பில்களின் கூட்டுத்தொகை 6,00,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 1,08,000. நிறுவனம் ஜிஎஸ்டியையும் சேர்த்தே டிடிஎஸ் பிடித்துவிட்டது. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியத்தின் 2017ஆம் ஆண்டு 23ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அந்த 1,08,000 அரசுக்குக் கட்டிய வரி, ஆலோசகரின் வருமானம் அல்ல.

மீதி 50,000. 26ஏஎஸ்ஸில் கடைசிப் பதிவின் தேதி 31-03-2024. மார்ச் மாத பில்லை நிறுவனம் தன் கணக்கில் வரவு வைத்த அன்றே டிடிஎஸ் பிடித்துவிட்டது, பணம் வந்ததோ ஏப்ரலில். வங்கி அறிக்கையில் 53,100 என்று ஒரு வரவு இருக்கும்: 50,000, ஜிஎஸ்டி 9,000, கழித்த டிடிஎஸ் 5,900. இந்த எண் பைசா பிசகாமல் பொருந்தினால் விளக்கம் நிலைத்து நிற்கும். கணக்கு முறை வரவேண்டிய தொகையையும் எழுதும் முறையாக இருந்தால் இந்த வாதம் செல்லாது. அப்போது அந்த 50,000 இந்த ஆண்டு வருமானமேதான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். வருமானத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, அதற்கான டிடிஎஸ்ஸை இந்த ஆண்டே கோரிவிடுகிறார்கள். விதி 37பிஏ-வின்படி வருமானம் எந்த ஆண்டில் வரிக்கு உட்படுகிறதோ அந்த ஆண்டில்தான் டிடிஎஸ் வரவு கிடைக்கும். ரிட்டர்னின் டிடிஎஸ் அட்டவணையில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லத் தனிக் கட்டமே உண்டு. ஆக, கோர வேண்டியது 64,900, எடுத்துச் செல்ல வேண்டியது 5,900. நோட்டீஸ் அந்த அளவுக்குச் சரி. அதைக் கடிதத்தில் நாமே சொல்லிவிடுவது நல்லது, அதிகாரி கண்டுபிடித்துச் சொன்னால் மற்ற விளக்கத்தின் மீதும் சந்தேகம் விழும்.

கடிதத்தின் தலைப்பில் பெயர், பான், மதிப்பீட்டு ஆண்டு 2024-25, நோட்டீஸின் அடையாள எண்ணான டிஐஎன், தேதி. உடல் பகுதி இவ்வளவு போதும்:

“26ஏஎஸ்ஸில் உள்ள ரூ. 7,08,000-க்கும் ரிட்டர்னில் உள்ள ரூ. 5,50,000-க்கும் இடையிலான ரூ. 1,58,000-இல், ரூ. 1,08,000 பில்களில் தனியாகக் காட்டப்பட்ட ஜிஎஸ்டி (இணைப்பு 1). ரூ. 50,000 மார்ச் பில்லுக்கானது, ஏப்ரலில் பெறப்பட்டது (இணைப்பு 2). ரொக்க முறையில் கணக்கு எழுதுவதால் இது 2025-26 மதிப்பீட்டு ஆண்டின் வருமானம். அதற்கான டிடிஎஸ் ரூ. 5,900 தவறுதலாக இந்த ஆண்டில் கோரப்பட்டுள்ளது. இவ்வாண்டு டிடிஎஸ் வரவை ரூ. 64,900 ஆகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.”

முகமற்ற மதிப்பீட்டில் அதிகாரி எந்த ஊரில் இருப்பார் என்று தெரியாது, அதனால் ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறை. “எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நிறுவனத்தின் தவறு” என்று மட்டும் எழுதுவது வீண். நிறுவனம் தவறியிருந்தாலும், தொகை ஏன் வேறுபடுகிறது என்பதைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. இணைப்பு 1-இல் பில்களும் ஜிஎஸ்டி ரிட்டர்னும், இணைப்பு 2-இல் மார்ச் பில்லும் வங்கி அறிக்கையில் 53,100 வந்த பக்கமும். அந்த வரவை வட்டமிட்டு வையுங்கள், அறுபது பக்க அறிக்கையை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

வருமான வரித் தளத்தில் Pending Actions, அதில் e-Proceedings என்று போய், அந்த நோட்டீஸுக்கு நேரே பதிலையும் பிடிஎஃப்களையும் ஏற்றுங்கள். ஆவணம் கைக்கு வரத் தாமதமானால் அதே இடத்தில் அவகாசம் கேட்கலாம், ஆனால் கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும். 142(1)-க்குப் பதிலே தராவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் வரலாம், அதிகாரி தன் கணிப்பிலேயே மதிப்பீட்டை முடித்துவிடவும் வழியுண்டு. ஏற்றியதும் கிடைக்கும் ஒப்புகையைச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ரிட்டர்னில் அந்த 50,000-த்தையும் 5,900-த்தையும் ஒன்றாகக் காட்ட மறந்தால் இதே கேள்வி மறுபடி வரும்.