காய் வெந்த தண்ணீர்: ஒரு சிறுநீரக நோயாளிக்கு உணவுத்தாள் எழுதிய அனுபவம்

உணவியல் நிபுணராக நான் பணியில் சேர்ந்த மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில், நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் எல்லோருக்கும் கொடுப்பதற்கென்று அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சாப்பிடக்கூடியவை, மறுபக்கம் சாப்பிடக்கூடாதவை. கூடாதவற்றின் பட்டியலில் வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு ஆகியவற்றோடு கிவியும் வெண்ணெய்ப்பழமும் இடம்பெற்றிருந்தன. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் காப்பீட்டு அட்டையோடு பேருந்தில் வரும் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும்; கிவிப்பழத்தைக் கடையில் கண்டவர்கள்கூட அவர்களில் குறைவு. தாளில் இருந்தவை தவறான தகவல்கள் அல்ல. ஆனால் எதைச் சாப்பிடக்கூடாது என்று சொன்ன அந்தத் தாள், வீட்டில் அன்றாடம் கொதிக்கும் குழம்பையும் ரசத்தையும் என்ன செய்வது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

அந்தக் குறை முழுமையாகப் புலப்பட்டது, ஐம்பது வயதைக் கடந்த, சர்க்கரை நோயும் உள்ள ஒருவருக்குத் தனியாகத் தாள் எழுதியபோதுதான். அவருக்குத் திங்கள், வியாழன் என வாரம் இருமுறை டயாலிசிஸ். உடலில் மிகைநீர் இல்லாத நிலையில் இருக்க வேண்டிய எடை, அதாவது டயாலிசிஸ் பிரிவில் எல்லோரும் ‘ட்ரை வெயிட்’ என்று சொல்வது, அவருக்கு 56 கிலோ. ஒரு நாள் முழுவதும் சேர்த்து அளந்ததில் சிறுநீர் 400 மில்லி வந்தது. திங்கட்கிழமைதோறும் மூன்று கிலோவுக்கு மேல் எடை கூடி வருவார். ஒரு திங்களன்று டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 6.3 என்று இருந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். ஆறுக்கு மேல் போனால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடக்கூடும். ரத்த அணுக்கள் மாதிரிக் குழாயிலேயே உடைந்தாலும் இப்படிப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால் மறுமாதிரி எடுத்தார்கள். அதுவும் அதையே சொன்னது. ஈசிஜி எடுத்து, செய்ய வேண்டியதைச் செய்து, பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய ரத்த அழுத்த மாத்திரை ஒன்றையும் மருத்துவர் மாற்றினார். அதன் பிறகே உணவைப் பார்க்கும்படி என்னிடம் அனுப்பினார்கள்.

இந்த மாதிரி நோயாளியிடம் “வாழைப்பழம் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பதில் பயனில்லை. இவர் பழைய தாளை மனப்பாடமாக வைத்திருந்தார். ஓராண்டாக வாழைப்பழத்தையும் இளநீரையும் தொட்டதில்லை. அதனால் நான் அவருடைய மனைவியிடம், முந்தைய நாள் அடுப்பு பற்றவைத்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். பொட்டாசியம் எங்கிருந்து வந்தது என்பது சமையல் முறையைச் சொல்லும்போதே வெளிப்பட்டது.

முதலாவது, காய் வெந்த தண்ணீர். பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் அதில் கணிசமான பங்கு, சில காய்களில் ஏறக்குறையப் பாதி, தண்ணீருக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் காயைச் சாப்பிடலாம். கொட்டாமல் அதிலேயே பருப்பையும் புளியையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் அது சாம்பார், இறங்கிய பொட்டாசியம் முழுதும் தட்டுக்கே திரும்பி வருகிறது. “காய் வெந்த தண்ணியைக் கொட்டினா சத்தெல்லாம் போயிடும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க, ரசத்துல சேர்த்துடுவேன் மேடம்” என்றார் அந்த அம்மா. நம் வீடுகளில் தலைமுறைகளாக நல்ல பழக்கமாகக் கற்றுத்தரப்படுவது அது. சிறுநீரகம் ஒழுங்காக இயங்குகிறவருக்கு அது இன்றும் நல்ல பழக்கம்தான். இதோடு, உடம்பு தேற வேண்டுமென்று பக்கத்து வீட்டார் சொல்லி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை சூப்பும் கொடுத்து வந்திருக்கிறார்.

இரண்டாவது, உப்பு. உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, சென்னையில் வேலை செய்யும் மகன் சோடியம் குறைந்த உப்புப் பொட்டலம் வாங்கிக் கொடுத்திருந்தார். அடுத்த முறை வரும்போது அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பின்புறம் சிறிய எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருந்தது. இத்தகைய உப்புகளில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் வைக்கப்படுவது பெரும்பாலும் அதுதான். கால் பங்கு அதுவாக இருக்கும் உப்பை ஒருவர் நாளொன்றுக்கு 6 கிராம் சாப்பிட்டால், அதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 780 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. இவரைப் போன்றவருக்கு நாள் முழுவதற்கும் நாங்கள் வைக்கும் வரம்பே 2000 மில்லிகிராமை ஒட்டித்தான். ரத்த அழுத்தத்துக்காக நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள், பட்டியலில் இருந்த எந்தப் பழத்தையும் விட இவருக்குக் கெடுதல் செய்து கொண்டிருந்தது.

அடுத்து நீர். “தண்ணி அரை லிட்டர் பாட்டில்தான் மேடம், அதுக்கு மேல ஒரு சொட்டு குடிக்க மாட்டார்” என்றார் அந்த அம்மா. அது உண்மை. ஆனால் அந்த பாட்டிலுக்கு வெளியே நடந்ததைச் சேர்த்து எழுதிப் பார்த்தோம். காலையில் காபி 150 மில்லி, மாலையில் டீ 150, பதினொரு மணிக்கு மோர் 200, மதியம் ரசம் 150, இரண்டு வேளைச் சாம்பார் சேர்த்து 200, இரவில் கஞ்சி 250, மாத்திரைகளை விழுங்கக் குடிக்கும் தண்ணீர் 150. இவை மட்டும் 1250. பாட்டில் தண்ணீர் 500 சேர்ந்தால் 1750. அவருக்கு வைக்க வேண்டிய வரம்போ, வெளியேறும் சிறுநீர் 400, அதோடு 500 என 900 மில்லி. நாளொன்றுக்கு 850 மில்லி மிகுதி. வியாழன் முதல் திங்கள் வரை நான்கு நாளில் 3.4 லிட்டர். சோற்றிலும் இட்லியிலும் உள்ள நீர், வியர்வையில் போவது என்று இரு பக்கமும் கழித்தல் கூட்டல் இருப்பதால் இந்தக் கணக்கு துல்லியமானது அல்ல. ஆனாலும் அந்தத் திங்களன்று எடை இயந்திரம் காட்டியது 3.2 கிலோ கூடுதல். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் கூடும் எடை, ட்ரை வெயிட்டில் நான்கு முதல் நான்கரை சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இவருக்கு அது இரண்டேகால் கிலோ அல்லது கொஞ்சம் அதிகம். அதற்கு மேல் போனால் அவ்வளவு நீரை நான்கு மணி நேரத்தில் இழுக்கும்போது ரத்த அழுத்தம் விழும், கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். அவர் எங்களிடம் சொல்லிவந்த முறையீடும் அதுவே.

தாளை எழுத உட்கார்ந்தபோது கூடும், கூடாது என்ற இரண்டு பத்திகளையும் விட்டுவிட்டேன். அதைப் படிக்கப்போவது அந்த அம்மா. ஆகவே அவர் காய் நறுக்குகிற இடத்திலிருந்து தொடங்கினேன். காயைத் தோல் சீவி, சிறிதாக அல்லது மெலிதாக நறுக்கி, காய்க்கு ஐந்து பங்கு தண்ணீர் வைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட வேண்டும். நறுக்காத காயைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதால் பெரிதாக ஒன்றும் இறங்காது. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைப்பதும் ஆவியில் வேகவைப்பதும் பொட்டாசியத்தைக் காயிலேயே நிறுத்திவிடும். வீட்டில் மற்றவர்களுக்குச் சாம்பார் வழக்கம்போல் ஆகட்டும். இவருக்கு வடித்த காயைத் தனியே தாளித்துப் பொரியலாகவோ கூட்டாகவோ வைத்து, சாம்பாரில் ஒரு சிறு கரண்டி மட்டும் விடலாம். சுரை, பீர்க்கு, புடலை, சௌசௌ, கோவைக்காய் போன்றவை இயல்பாகவே பொட்டாசியம் குறைந்தவை என்பதால் அன்றாடக் காய்களாக அவற்றை எழுதினேன். உருளைக்கிழங்கும் சேனையும் ஆசைப்பட்டால், வடித்த பிறகு, எப்போதாவது. கீரை சூப் வேண்டாம். பழத்தில் ஒரு துண்டு ஆப்பிள், பேரிக்காய் அல்லது அன்னாசி. பருப்பையும் முட்டை வெள்ளையையும் நிறுத்தவில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. பயந்து எல்லாவற்றையும் நிறுத்தி உடல் மெலிந்தவர்களை அந்தப் பிரிவில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆரஞ்சுச் சாறோ இளநீரோ கொடுக்காமல், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும்படி ஒரு வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்தேன். அவசரத்தில் கை தானாக நீளுவது அந்த இரண்டை நோக்கித்தான். மலச்சிக்கல் இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதும் தாளில் உண்டு. சிறுநீரகம் ஓய்ந்த உடலில் பொட்டாசியத்தின் ஒரு பங்கு குடல்வழியாகத்தான் வெளியேறுகிறது. கை கால் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, படுத்தால் மூச்சுத்திணறல் இவை வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காமல் வர வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமலும் பொட்டாசியம் ஏறலாம் என்பதால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று டயாலிசிஸைத் தவறவிடக் கூடாது.

நீருக்கு எண்களை மட்டும் எழுதினால் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். காலையில் ஒரு பாட்டிலில் 900 மில்லி தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். காபி குடித்தால் அதே டம்ளர் அளவுத் தண்ணீரை அந்த பாட்டிலிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு ஊற்றிவிட வேண்டும். ரசம், மோர், கஞ்சி எல்லாவற்றுக்கும் அப்படியே. பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. காபி டம்ளரையும் நூறு மில்லி பிடிக்கும் சிறியதாக மாற்றச் சொன்னேன். தாகத்தை அடக்கும் வேலையில் பாதி உப்பைக் குறைப்பதில் இருக்கிறது. எட்டு கிராம் அளவுக்கு உப்பு உடலில் தங்கினால் அது ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஊறுகாய், அப்பளம், கருவாடு நிறுத்தப்பட்டன. சாதாரணக் கல்லுப்பே போதும், அளவு மட்டும் குறைய வேண்டும் என்று எழுதியதைப் படித்ததும், மகன் மனம் வருந்துவானே என்று அந்த அம்மா கவலைப்பட்டார். பொட்டலத்தின் பின்புறத்தைப் புகைப்படமெடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னேன்.

தாளின் தலையில் அவருடைய எடை, சிறுநீர் அளவு, பொட்டாசியம், எழுதிய தேதி ஆகியவற்றைக் குறித்து, “இது இவருக்கு மட்டும்” என்று எழுதினேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நகல் எடுத்துக்கொள்வது அந்தப் பிரிவில் வாடிக்கை. நோயின் இடைநிலையில், சிறுநீர் நன்றாகப் போய், பொட்டாசியம் 4.6 இருக்கும் ஒருவர் இந்தத் தாளைப் பின்பற்றினால், தேவையில்லாமல் காயையும் பழத்தையும் இழப்பார். வெயில் காலத்தில் நீரைக் குறைத்து, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வார்.

அடுத்த மாதப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.3 வந்தது, திங்கட்கிழமை எடைக் கூடுதல் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தது. மருந்து மாற்றம் எவ்வளவு செய்தது, வடித்த காய் எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரவுக் கஞ்சியை மட்டும் அவர் விடவில்லை; அதற்காகப் பதினொரு மணி மோரை விட்டுக்கொடுத்தார், அது அவர்கள் வீட்டுக்குள் நடந்த பேரம். சில மாதங்கள் கழித்து மீண்டும் சிறுநீரை அளந்தபோது 250 மில்லிதான் இருந்தது. 900 என்பதை அடித்துவிட்டு 750 என்று எழுதி, புதிய தேதியைப் போட்டு, பாட்டிலில் கோடு போட்ட இடத்தையும் கீழே இறக்கச் சொன்னேன்.