நள்ளிரவு மிக்சர் டப்பா: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

நேற்று இரவு 12.40-க்கு மிக்சர் இரண்டு கைப்பிடி, மீந்த சப்பாத்தியில் சர்க்கரை தூவி ஒன்று. காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டியது, வெறும் காபியோடு பள்ளிக்குப் போனேன். மூன்று மாதமாக இதே கதை. இன்றிலிருந்து என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு என்று எழுதி வைக்கப் போகிறேன்.

மார்ச் 6, வியாழன்

நான்கு நாள் குறிப்பைப் படித்ததும் திக்கென்றது. காலையில் காபி, மதியம் சின்ன டப்பாவில் தயிர்சாதம், மாலை டீயும் இரண்டு பிஸ்கட்டும். நாளின் பாதிச் சாப்பாடு இரவு ஒன்பதுக்கு மேல்தான் உள்ளே போகிறது. பகலில் வைத்த பாக்கியை உடம்பு இரவில் கேட்கிறது. நள்ளிரவில் தின்றதால் காலையில் பசிப்பதில்லை, காலையில் சாப்பிடாததால் மறுபடி இரவில் பசி.

மார்ச் 8, சனி

டாக்டரிடம் போனேன். உடம்பின் உள் கடிகாரமே பசியை மாலையில் ஏற்றி, காலையில் இறக்குகிறதாம். 2013-இல் அமெரிக்காவில் வெளிச்சம், தூக்கம், உணவு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி நடத்திய ஆய்வில் பசி இரவு 8 மணியை ஒட்டி உச்சத்திலும், காலை 8 மணியை ஒட்டி அடிமட்டத்திலும் இருந்ததாம். தூக்கம் குறைந்தாலும் பசி கூடும் என்றார். “எழுந்து சாப்பிட்டது காலையில் ஞாபகம் இருக்காம்மா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சிலருக்கு அது துளியும் நினைவிருக்காது. சில தூக்க மாத்திரைகளாலும் அப்படி ஆகலாம், அது வேறு சிக்கல். இன்சுலின் போடுபவர்கள் வியர்வை, நடுக்கத்தோடு விழித்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே இருந்தால் பட்டினி கிடக்கவே கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

மார்ச் 10, திங்கள்

இரவை விட்டுவிட்டுக் காலையைப் பிடித்தேன். பசிக்காவிட்டாலும் எட்டு மணிக்குள் ஒரே ஒரு இட்லி. மதியம் சாதத்தோடு முட்டை. நாலரைக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு எட்டுக்கு தோசை, கெட்டிச் சாம்பார். சுண்டல்தான் பெரிய துணை. ஏழு மணி வெறி பாதியாகிவிட்டது.

மார்ச் 15, சனி

சறுக்கல். விடைத்தாள் திருத்துகிற அவசரத்தில் சுண்டலை விட்டேன். 12.15-க்கு மிக்சர். ஆனால் இன்று காலை இட்லியை விடவில்லை. விட்டிருந்தால் சுற்று மறுபடி தொடங்கியிருக்கும்.

மார்ச் 20, வியாழன்

1 மணிக்கு விழிப்பு. வயிறு காலி என்று தோன்றவில்லை, வாய்தான் ஏங்கியது. பழகிய நேரத்துக்கு விழிப்பு வருகிறது போல. விளக்கைப் போடாமல், செல்போனைத் தொடாமல் தண்ணீர் மட்டும் குடித்துப் படுத்தேன். நிஜப் பசி என்றால் கால் மணி நேரம் கழித்தும் இருக்கும், அப்போது ஒரு டம்ளர் பால் குடிக்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காலை 7.10. குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு முறை அடுப்படிக்குப் போய்விட்டேன், அவ்வளவு பசி. மூன்று இட்லி.