காரணம் தெரியாமல் எதைச் சரி செய்வீர்கள்?

"காரணமே தெரியாம எதைச் சரி செய்வீங்க?" நிதித் தலைவி கேட்ட அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் சேவையின் மாதச் சந்தாவை ரத்து செய்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஆறு வாரம் டேட்டாவை அலசி மூல காரணத்தைக் கண்டுபிடிப்போம் என்றார் அவர். 1999-இல் ஐபிஎம்-இல் இருந்தபோது டேவ் ஸ்னோடன் உருவாக்கிய, பிரச்சினைகளை வகை பிரிக்கும் 'கனெவின்' பகுப்பின்படி பார்த்தால் அது 'காம்ப்ளிகேட்டட்' பிரச்சினைக்கான வழி. நிபுணர் உட்கார்ந்து அலசினால் விடை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் செய்வது. எனக்கு இது 'காம்ப்ளெக்ஸ்' என்று பட்டது. அதாவது, காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு நடந்து முடிந்த பிறகுதான் புலப்படும். அதனால் சின்னச் சின்னதாகச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இதே டேட்டாவை ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா கொடுங்க மேடம். ஒரே பதில் வந்தா உங்க வழியிலேயே போகலாம்" என்றேன். கொடுத்தார். ஒருவர் விலைதான் காரணம் என்றார். மற்றவர், புதியவர்களுக்கு முதல் வாரத்தில் எதுவும் பிடிபடவில்லை என்றார். நிபுணர்களே ஒத்துப்போகாதது, பிரச்சினை காம்ப்ளெக்ஸ் என்பதற்கு வலுவான அறிகுறி என்று இன்றும் நம்புகிறேன்.

சோதனைகளை ஒரே சமயத்தில் வெவ்வேறு சிறு குழுக்களிடம் தொடங்கினோம். ஒரு குழுவில் சேர்ந்த வாரமே ஒவ்வொருவரையும் போனில் அழைத்தோம். இன்னொரு குழுவுக்கு ரத்து பட்டனுக்குப் பக்கத்தில் 'ஒரு மாதம் நிறுத்திவை' என்ற வாய்ப்பைக் கொடுத்தோம். எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது என்று முன்பே எழுதி வைத்திருந்தோம். அது இல்லாவிட்டால் எந்தச் சோதனையும் பெயருக்கு நடந்துகொண்டே இருக்கும். போன் அழைப்பு எரிச்சலூட்டியது, ரத்து கூடியது, உடனே நிறுத்தினோம். நிறுத்திவைத்தவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அதை எல்லோருக்கும் கொடுத்தோம்.

அதற்கப்புறம்தான் பேமென்ட் டீம் ஒன்றைச் சொன்னது. ரத்து என்று பதிவானவற்றில் ஒரு பகுதி யாரும் கேட்டு நடந்ததல்ல. கார்டு காலாவதியாகிப் பணம் எடுக்க முடியாமல் போனதும் சிஸ்டமே சந்தாவை முடித்திருக்கிறது. இரண்டு வகையும் அறிக்கையில் ஒரே எண்ணாகச் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அலசியிருந்தா அப்பவே கிடைச்சிருக்கும்" என்றார் மேடம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அந்தப் பகுதிக்கு எந்தச் சோதனையும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் அலசிய இருவர் கண்ணிலும் அது படவில்லையே! ஆறு வாரம் கொடுத்திருந்தால் பட்டிருக்குமா? பட்டிருக்கலாம். பின்னால் தெளிவாகத் தெரிவது எல்லாம் முன்பே தெரிந்திருக்கக் கூடியது என்று எடுத்துக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. காம்ப்ளெக்ஸ் பிரச்சினைகளின் இயல்பே அதுதானே. ஆனால் இப்படிச் சொல்லியே எந்த முடிவையும் நியாயப்படுத்திவிட முடியும் என்பதும் உறுத்துகிறது.

இப்போது வகை பிரிப்பதற்கு முன்னால், அந்த எண்ணுக்குள் எத்தனை வகை ஆட்கள் கலந்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். தாங்களாக விலகியவர்களுக்குச் சோதனை, பணம் தட்டிப்போனவர்களுக்கு அலசல் என்று பிரித்துக் கொடுக்கிறேன். அந்தப் பிரிவே சரிதானா என்பதை அலசித் தெரிந்துகொள்வதா, செய்து பார்த்துத் தெரிந்துகொள்வதா என்பதில் மேடமும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.